கறந்த பால் ஏன் திரிகிறது? மகளிர் குழுவில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர் கடன் எடுத்து மாடு வாங்கியிருக்கிறார்கள். இருபது வருடமாக மாடு வைத்திருப்பவள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பேசியது அரை மணி நேரம்தான், அவர்கள் கேள்வி கேட்டது இரண்டு மணி நேரம். வராதவர்களும் படிக்கட்டும் என்று அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

"கறக்கும்போது பால் நல்லாத்தானே இருக்குது? கொண்டு போய்ச் சேர்க்கறதுக்குள்ள எப்படிங்க கெட்டுப் போகுது?"

நோயில்லாத மாட்டின் மடிக்குள் இருக்கும் பாலில் கிருமி மிகக் கொஞ்சம். வெளியே வந்த பிறகு காம்பு, கை, போசி, வடிகட்டும் துணி, கேன் என்று தொட்ட இடம் ஒவ்வொன்றிலும் அதில் கிருமி ஏறுகிறது. பால் மடியை விட்டு வரும்போது மாட்டின் உடம்புச் சூடு, கிட்டத்தட்ட 38 டிகிரி, அதில் இருக்கும். கிருமி பெருகுவதற்கு இதைவிட வசதியான சூடு இல்லை. ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு முறை எண்ணிக்கை இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தமாகக் கறந்த பாலில் ஒரு மில்லிக்கு ஆயிரம் கிருமி இருக்கிறது. அழுக்குக் கேனில் ஊற்றிய பாலில் ஒரு லட்சம் இருக்கிறது. மில்லிக்கு ஒரு கோடியை நெருங்கும்போது பால் புளிக்க ஆரம்பிக்கும், அடுப்பில் வைத்தால் திரியும். ஒரு லட்சம் ஒரு கோடியாக நூறு மடங்கு பெருக வேண்டும், அதற்கு ஏழு முறை இரட்டித்தால் போதும். அதாவது மூன்றரை மணி நேரம். ஆயிரம் ஒரு கோடியாவதற்குப் பதின்மூன்று பதினான்கு முறை இரட்டிக்க வேண்டும், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆகும். இரண்டு பாலுமே ஐந்தரை மணிக்குக் கறந்ததுதான், பார்வைக்கும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று ஒன்பது மணிக்குத் திரியும், இன்னொன்று மதியம் வரை தாங்கும்.

புதுப் பாலில் கிருமியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும் தன்மை இயற்கையாகவே உண்டு. அது சில மணி நேரம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குள் பாலைக் குளிர்விக்கவோ காய்ச்சவோ செய்துவிட வேண்டும்.

"எங்க வீட்டுல எந்த இடத்துல கெடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

இதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததையே சொல்கிறேன். இரண்டு மாடு, காலையில் ஒன்பது லிட்டர், டவுனில் ஒரு டீக்கடைக்குப் போகிறது. சித்திரை மாதம் ஒரே வாரத்தில் மூன்று நாள் பால் கடை அடுப்பிலேயே திரிந்துவிட்டது. தீவனம் சரியில்லை, வெயில் அதிகம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது.

நாங்கள் செய்தது இதுதான். ஐந்து எவர்சில்வர் டம்ளர்களைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துக் கவிழ்த்து வைத்தோம். மறுநாள் காலையில் முதல் மாட்டின் காம்பிலிருந்து நேராக ஒரு டம்ளரில் பீய்ச்சினோம், இரண்டாவது மாட்டிலிருந்து இன்னொன்றில். கறந்து முடித்த போசியிலிருந்து ஒரு டம்ளர், துணியில் வடிகட்டிய பிறகு ஒரு டம்ளர், கேனில் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளர். ஐந்தையும் மூடி ஒரே திண்ணையில் வைத்தோம். எட்டரை மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பார்த்தோம்.

கேன் பால் ஒன்பது மணிக்குத் திரிந்தது. வடிகட்டிய பால் பத்தரைக்குத் திரிந்தது. போசிப் பால் பன்னிரண்டு வரை தாங்கியது, காம்பிலிருந்து நேராக எடுத்த இரண்டும் அதற்கும் பிறகுதான் திரிந்தன. ஆக, மாட்டின் மேல் குற்றமில்லை, தீவனத்தின் மேலும் இல்லை. போசிக்கும் துணிக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறது, துணிக்கும் கேனுக்கும் இடையில் இன்னொரு ஒன்றரை மணி நேரம்.

துணியைத் தினமும் அலசிக் கட்டுத்தரை வேலியில் காயப் போட்டிருந்தார்கள், ஒரு நாள்கூடக் கொதிக்க வைத்ததில்லை. கேனின் மூடியில் இருந்த ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தோம். அடியில் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படிவு. அதன் நாற்றத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. தினமும் கழுவிய கேன்தான் அது, ஆனால் வளையத்தைக் கழற்றிக் கழுவியதே இல்லை. வளையத்தை மாற்றி, துணியைக் கொதிக்க வைத்து, மறுபடி அதே சோதனையைச் செய்தோம். கேன் பால் பதினொன்றரை தாண்டியும் நின்றது.

உங்கள் வீட்டில் நேரம் இப்படியே வராது, அன்றைய வெயிலைப் பொறுத்து மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது மணியை அல்ல, எந்த டம்ளருக்கும் எந்த டம்ளருக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது என்பதை. அந்த இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது.

"தினமும் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவறோம். அப்படியும் கேன்ல வாடை போகலையே?"

கொதிக்கிற தண்ணீரை முதலில் ஊற்றுவதால்தான். பால் ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எடுத்தவுடன் கொதிநீர் பட்டால், பாலில் உள்ள புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நாள்பட நாள்பட அது கெட்டியாகிப் பால்கல் ஆகிவிடும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், காய்ந்த பிறகு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும். அந்தச் சொரசொரப்புக்குள் கிருமி குடியிருக்கும்.

பால் ஊற்றிக் காலியான உடனே பச்சைத் தண்ணீரால் அலசிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம் என்று காயவிடாதீர்கள், பால் கொடுத்த இடத்திலேயே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாலும் பாதி வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கை பொறுக்கும் சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்போ சலவை சோடாவோ கலந்து, நீளப் பிரஷால் உள்ளே, கழுத்தில், மூடியில், வளையம் உட்காரும் பள்ளத்தில் தேய்க்க வேண்டும். சோப்பு போகும்வரை அலசிய பிறகுதான் கொதிநீருக்கு வேலை. ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, கேனைக் கவிழ்த்து வெயிலில் வையுங்கள். தரையில் கவிழ்க்காமல், காற்றுப் போகிற மாதிரி ஒரு பலகையிலோ கம்பியிலோ கவிழ்க்க வேண்டும். ஈரம் நின்றால் ராத்திரிக்குள் கிருமி மறுபடி பெருகிவிடும்.

மண், சாம்பல், கம்பி நார் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அது போடும் கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வீடு. பிளாஸ்டிக் வாளியில் கறக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான், அது நார் படாமலேயே கீறிக்கொள்ளும். பால்கல் ஏறிய பழைய கேனைச் சோப்பால் மீட்க முடியாது. அதற்கென்று விற்கிற அமிலக் கழுவியை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி ஒரு முறை பயன்படுத்தினால் போய்விடும், பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

"மடி மேல ரெண்டு குடம் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் கறக்கறேன். அது போதாதா?"

அது கூடுதலாகப் போய்விடுகிறது. மடி முழுவதையும் நனைத்தால் மேலே ஒட்டியிருந்த சாணம் கரைந்து, கறக்கக் கறக்க அந்தத் தண்ணீர் காம்பு வழியாகச் சொட்டிப் போசிக்குள் விழும். காய்ந்த அழுக்கு மடியைவிட நனைந்த அழுக்கு மடி மோசம். மடியில் சாணம் அப்பியிருந்தால் கறப்பதற்கு அரை மணி முன்னால் கழுவி ஆறவிடுங்கள். கறக்கும் நேரத்தில் காம்புகளை மட்டும் கழுவினால் போதும். தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளம் ரோஸ் நிறம் வரும் அளவுக்குக் கலந்துகொள்ளலாம். கருஞ்சிவப்பாகக் கலந்தால் காம்புத் தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்புக்குள் கிருமி போகும்.

கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. சுத்தமான, உலர்ந்த துணியால் ஒவ்வொரு காம்பையும் அதன் நுனியையும் ஒற்றி எடுங்கள். மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் நாலு மாட்டையும் துடைத்தால் ஒரு மாட்டின் மடிநோயை மற்ற மூன்றுக்கும் நீங்களே கொண்டு போய்ச் சேர்க்கிறீர்கள்.

நம் பக்கத்தில் சுரப்பு விடுவதற்குக் கன்றை ஊட்டவிடுவது வழக்கம். அது நல்லதுதான், ஆனால் கன்றின் எச்சில் காம்பில் இருக்கும். ஆகவே கன்றைப் பிடித்துக் கட்டிய பிறகு காம்பைக் கழுவித் துடைக்க வேண்டும். பலர் முதலில் கழுவிவிட்டுப் பிறகு கன்றை விடுகிறார்கள், அந்தக் கழுவல் வீண். சுரப்பு விட்ட பிறகு ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடித்துவிட வேண்டும் என்பதால் இந்த வேலையைச் சுருக்கமாகச் செய்யுங்கள். நேரம் போனால் மாடு பாலை எக்கிக்கொள்ளும்.

"எண்ணெய் தொட்டுக்காம கறந்தா கை வழுக்க மாட்டேங்குதே?"

கை வழுக்க வேண்டியதில்லை. காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து இழுத்துக் கறப்பவர்களுக்குத்தான் வழுக்கல் வேண்டும். முழுக் கையால் காம்பைப் பிடித்து, மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூட, அப்புறம் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று வரிசையாக அமுக்கினால் பால் இறங்கும், காம்பை இழுக்கவே வேண்டாம். கன்று ஊட்டும்போது காம்பில் விழும் அழுத்தமும் இந்த மாதிரிதான். கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் அழுத்தும் பழக்கமும் வேண்டாம், காம்புக்குள் காயம்படும். காம்பு மிகச் சின்னதாக இருக்கும் தலையீற்று மாட்டில் மட்டும் விரலால் கறப்பதைத் தவிர்க்க முடியாது.

எண்ணெய், நெய், பால் நுரை, எச்சில் எதைத் தொட்டுக் கறந்தாலும் கையில் இருக்கும் அழுக்கு அதில் ஊறிப் போசிக்குள் சொட்டும். நுரையைத் தொட்டுக் கறப்பவர்கள் கையைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் விரலிடுக்கில் கறுப்பாக ஒரு சாறு நிற்கும்.

"முதல் பீச்சைத் தரையில விடச் சொல்றாங்க. எதுக்குங்க?"

விட வேண்டும், ஆனால் தரையில் அல்ல. காம்பு நுனித் துவாரத்தில் தங்கியிருக்கும் கிருமி முதல் மூன்று நான்கு பீச்சில் வந்துவிடும், அதைப் போசியில் சேர்க்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பாலைப் பார்த்தால் மடிநோய் தெரியும். தரையில் விட்டால் எதுவும் தெரியாது, மாடு படுக்கும் இடத்தில் நோயைப் பரப்பியதாகவும் ஆகும். ஒரு கிண்ணத்தின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி ஒவ்வொரு காம்பிலிருந்தும் அதன் மேல் பீய்ச்சுங்கள். திரிதிரியாக, தயிர்க் கட்டி போல ஏதாவது நின்றாலோ, பால் தண்ணீராக ஓடினாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ அந்தக் காம்பில் நோய் வந்துவிட்டது. அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியாக எடுத்துக் குழியில் கொட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வெளியில் தெரியாத மடிநோயும் உண்டு. மடி வீங்காது, பால் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் கறவை குறையும். அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துணி துவைக்கும் தூள் 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பின் பாலும் இந்தக் கரைசலும் சம அளவாக ஒரு தட்டில் ஊற்றி மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர் போலவே ஓடும். நோய்ப் பால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று கெட்டியாகும். நாலு காம்புக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றப் போகும் நேரத்திலும் நோயில்லாமலேயே இப்படிக் காட்டலாம், அப்போது இதை நம்ப வேண்டாம்.

கறந்து முடித்தவுடன் காம்புத் துவாரம் மூடாது, அரை மணி நேரமாவது திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தின் மேல் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். அதனால் காம்புகளைப் போவிடோன் அயோடின் மருந்தில் முக்கிவிட்டு, சோளத்தட்டையோ பசும்புல்லையோ அப்போது போடுங்கள். தின்று கொண்டிருக்கும் மாடு படுக்காது. கறக்கும்போதே தட்டைப் போட்டு உதறினால் தூசி பாலில் விழும், ஆகவே தட்டுப் போடுவதைக் கறந்த பிறகு வைத்துக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.

"ஊசி போட்ட மாட்டுப் பாலைக் காய்ச்சி நாங்களே குடிச்சுக்கலாமா?"

குடிக்காதீர்கள், விற்கவும் வேண்டாம், சங்கத்துப் பாலோடு சேர்க்கவும் வேண்டாம். மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாட்டிக் பாலில் வரும், வீட்டில் காய்ச்சுவதால் அது போய்விடும் என்று நம்ப முடியாது. ஒரு காம்புக்கு மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், மருந்து ரத்தம் வழியாக மற்றக் காம்புகளுக்கும் போகும். எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஊசி போடும்போதே மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

இப்படிப்பட்ட பாலில் உறை ஊற்றினால் தயிர் உறையாமல் போகலாம், மருந்து உறைமோரில் இருக்கும் கிருமியையும் கொன்றுவிடும். ஆனால் தயிர் உறைந்துவிட்டது, அதனால் மருந்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

"ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல சாயங்காலப் பாலைக் காலை வரைக்கும் வைக்க முடியுமா?"

பச்சைப் பாலாக வைக்க முடியாது. இதில் நான் வளைந்து கொடுத்துப் பேச மாட்டேன். முன்னே போட்ட கணக்கில் பன்னிரண்டு மணி நேரத்தை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். வண்டி வராமல் பால் தங்கிவிட்டால் பொங்கும்வரை காய்ச்சி, பாத்திரத்தோடு தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்றிவிடுங்கள். காலையில் தயிராக விற்கலாம், வெண்ணெய் எடுக்கலாம்.

ஆனால் கறந்ததிலிருந்து வண்டி வரும்வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரத்தை ஃபிரிட்ஜ் இல்லாமலே காப்பாற்றலாம். நிழலில் ஒரு அகலத் தொட்டி வைத்து, புதிதாக எடுத்த தண்ணீரை ஊற்றி, கேனுக்குள் பால் நிற்கும் மட்டத்துக்குத் தண்ணீர் வருகிற மாதிரி கேனை அதில் இறக்குங்கள். சுத்தமான கரண்டியால் அவ்வப்போது பாலைக் கிளறினால் சீக்கிரம் சூடு இறங்கும், கிளறாவிட்டால் நடுவில் இருக்கும் பால் வெகுநேரம் சூடாகவே நிற்கும். கால் மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகும், அதை ஒரு முறை மாற்றுங்கள். வெளியே தெரியும் கேன் மேல் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். நம் ஊர் ஆடிக் காற்றில் ஈரச் சாக்கு அருமையாகக் குளிர்விக்கும். ஐப்பசி மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் சாக்கினால் பயனில்லை, தொட்டித் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுவதுதான் வழி.

தொட்டியில் வைத்த பால் தண்ணீரின் குளிர்ச்சிக்குத்தான் வரும், 4 டிகிரிக்கு வராது. கிருமி பெருகுவது தாமதமாகும், நிற்காது. பால் குளிரூட்டும் நிலையத்தில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது ஏறக்குறைய அடங்கும்.

"சாயங்காலப் பால் கொஞ்சம் மீதி இருந்தா, காலைப் பால்ல சேர்த்துடலாமா?"

சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் பழைய பாலில் இருக்கும் கிருமி, எட்டு லிட்டர் புதுப் பாலுக்கும் உறைமோர் மாதிரி வேலை செய்யும்.

"திரியாம இருக்க ஆப்ப சோடா போடலாம், ஐஸ் போடலாம்னு சொல்றாங்களே?"

சோடா கிருமியைக் கொல்லாது. கிருமி உண்டாக்கிய புளிப்பை மட்டும் மறைக்கும். அடுப்பில் திரியாமல் தப்பிக்கும், குடிக்கிற குழந்தையின் வயிற்றுக்குள் அத்தனை கிருமியோ அதன் நஞ்சோ போகும். ஐஸ் போடுவது தண்ணீர் கலப்பதுதான், அதுவும் எந்தத் தண்ணீரில் செய்த ஐஸ் என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் கிடைத்தால் கேனைச் சுற்றித் தொட்டித் தண்ணீரில் போடுங்கள். பாலில் சோடா போடுவதும் ஐஸ் போடுவதும் சட்டப்படி கலப்படக் குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஃபிரிட்ஜ் இருக்குது. கறந்ததும் அப்படியே உள்ள வெச்சுடலாமா?"

ஐந்து லிட்டர் தூக்கில் சூடாக வைத்தால் நடுவில் இருக்கும் பால் குளிர்வதற்கு ராத்திரி ஆகிவிடும், அதற்குள் பக்கத்தில் வைத்திருக்கும் மற்றப் பொருளும் சூடேறும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி ஆறவிட்டு, ஒரு லிட்டர் இரண்டு லிட்டராகச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, மூடி, அடித்தட்டில் உட்புறமாக வையுங்கள். கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும்.

"எங்க மாமியா, பச்சைப் பால்தான் குழந்தைக்குத் தெம்புன்னு கறந்த சூட்டோட குடுக்கறாங்க. சரிங்களா?"

வேண்டாம். நான் இதுவரை சொன்ன சுத்தமெல்லாம் கிருமியைக் குறைக்கத்தான், இல்லாமல் ஆக்காது. காசநோய்க் கிருமியும், கன்று வீச்சு உண்டாக்கும் புருசெல்லா கிருமியும் மாட்டின் உடம்புக்குள்ளிருந்தே பாலில் வரும். மாடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். நல்ல கை, நல்ல கேன் எதுவும் அதைத் தடுக்காது, காய்ச்சினால்தான் சாகும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். பால் ஒரு தடவை பொங்கி வந்ததும் தணித்து, கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரில் வைத்து அதே கறந்த சூட்டுக்கு ஆற்றி அவர் கையிலேயே கொடுங்கள், அவரே குழந்தைக்குப் புகட்டட்டும்.